காணொளியில் காணாமல் போகும் ஓதம்: வாடகை அறையைச் சுற்றிக் காட்டுவோர் செய்யும் தவறுகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், மணிக்கூண்டிலிருந்து கடல் பக்கம் போகும் ஒரு தெருவில், மொட்டை மாடியில் இருந்த ஒற்றை அறையில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தேன். ஒன்பதுக்குப் பத்து அடி. 2025 பிப்ரவரியில் காலி செய்தபோது, அடுத்து வருபவருக்கு உதவட்டும் என்று இரண்டு நிமிடக் காணொளி ஒன்றை எடுத்தேன். அதைப் பார்த்து, நேரில் வராமலே முன்பணம் அனுப்பினான் நெல்லிக்குப்பத்துத் தம்பி ஒருவன். குடிவந்த மூன்றாம் நாள் அவனிடமிருந்து அழைப்பு. “அண்ணா, கட்டிலைப் போட்டால் பீரோ கதவு திறக்கவில்லை. வீடியோவில் இருந்தது இந்த அறைதானா?”

அதே அறைதான். அதில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் அவன் ஏமாந்திருந்தான். பிறகு ஜூன் மாதம் அவனும் காலி செய்தபோது இருவருமாக உட்கார்ந்து அந்தக் காணொளியை மறுபடி எடுத்தோம். முதல் தடவை நான் செய்த தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு அகலக் கண்ணாடி. கைபேசியில் 0.5x என்று இருக்கும் கேமராவால் எடுத்தால் சின்ன அறையும் கூடம்போலத் தெரியும். எதிர்ச் சுவர் விலகிப் போகும். ஓரத்தில் இருக்கும் பொருள் இழுபட்டு நீளும். வாசலில் நின்றபடி நான்கு மூலைகளையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர வேறு வழியில்லை என்றுதான் நான் அதைத் தேர்ந்தேன். யோசித்துப் பார்த்தால், 1x கேமராவில் அறை முழுதாக அடங்கவில்லை என்பதே அறையைப் பற்றிய செய்தி. வாசலில் நின்று, இடது மூலையிலிருந்து வலது மூலைவரை எட்டு அல்லது பத்து விநாடியில் மெல்லத் திருப்பினால் போதும். காலி அறையாகவும் காட்டக் கூடாது. கண்ணுக்குப் பழகிய பொருள் ஒன்று உள்ளே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியானாலும் சரி, இரும்புக் கட்டிலானாலும் சரி.

இரண்டாம் காணொளியில் அளவு நாடாவைத் தரையில் விரித்தே காட்டினோம். ஒன்பது அடிச் சுவரோரம் ஆறேகால் அடிக் கட்டில். அதன் கால்மாட்டில், கட்டிலைப் பார்த்தபடி ஒன்றரை அடி ஆழமுள்ள பீரோ. நடுவே மிஞ்சுவது ஒன்றேகால் அடி. பீரோவின் ஒற்றைக் கதவே ஒன்றரை அடி. கதவு கட்டிலில் இடித்து நிற்பதை அப்படியே ஐந்து விநாடி விட்டுவிட்டோம். பீரோவை எதிர்ச் சுவரில் வைக்கலாமே என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அந்தச் சுவரில்தான் ஓதம். இரும்புப் பீரோ ஒரு மழைக்காலத்திலேயே துருவேறிவிடும். ஆகவே அடுத்த காட்சி அந்தச் சுவராகத்தான் இருக்க முடியும்.

இங்கேதான் வரிசை பற்றிய தவறு பிடிபட்டது. முதல் காணொளியில் ஜன்னல், அதன் வழியே தெரிந்த தென்னை, மாடியிலிருந்து தெரியும் கடல் கீற்று என்று நல்லவற்றையெல்லாம் முன்னால் அடுக்கி, கடைசி இருபது விநாடியில் “சில சின்னக் குறைகள்” என்று மூட்டை கட்டியிருந்தேன். அதுவரை யார் பார்க்கிறார்கள்? பார்த்தாலும், எந்தக் குறை எந்த இடத்தில் இருக்கிறது என்பது மனத்தில் பதியாது. கதவும் கட்டிலும் பீரோவும் ஓதச் சுவரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிரித்துக் காட்டினால் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும்.

ஆகவே குடிவருபவர் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியையே வரிசையாக வைத்துக்கொண்டோம். தெரு, வண்டி நிறுத்தும் இடம், படிக்கட்டு, மாடி வெளி, அறை வாசலில் நின்று ஒரு சுற்று, கட்டிலும் பீரோவும், ஓதச் சுவர், அதற்குப் பின்னால் உள்ள குளியலறை, கடைசியில் இரவு. படிக்கட்டை வெட்டாமல் ஒரே மூச்சில் எடுத்தோம், முப்பத்தெட்டு படிகள். இரண்டாவது திருப்பத்தில் தலை குனிய வேண்டியிருக்கும், கேமராவும் குனிந்தது. அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. மொத்தம் நாலரை நிமிடம் வந்தது.

ஓதத்தைப் படம்பிடிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் காணொளியில் அந்தச் சுவரும் இருந்தது. ஆனால் யார் கண்ணுக்கும் படவில்லை. காலை பதினொரு மணிக்கு எதிரே இருந்த ஜன்னல் வெளிச்சம் சுவரில் நேராக விழுந்துகொண்டிருந்தது. நேர் வெளிச்சத்தில் மேடு பள்ளத்துக்கு நிழலே இருக்காது. காரை பொரிந்து நிற்பதும் சமமாகவே தெரியும். கைபேசியின் பிளாஷும் இதே வேலையைத்தான் செய்யும். இரண்டாம் தடவை ஜன்னலைச் சாத்திவிட்டு, தம்பி டார்ச்சைச் சுவரோடு சுவராக ஒட்டிப் பிடித்தான். முழங்கால் உயரம்வரை பெயிண்ட் கொப்புளமாக எழும்பி நிற்பதும், அதற்கு மேல் வெள்ளையாக உப்பு பூத்த கோடும் ஒவ்வொன்றாக நிழலோடு எழுந்துவந்தன. அவனே ஒரு கணம் பேசாமல் நின்றுவிட்டான். நான்கு மாதம் அந்தச் சுவரைப் பார்த்தபடி தூங்கியவன்.

இன்னொன்று, ஓதம் பருவத்துக்குப் பருவம் தோற்றம் மாறும். சுவருக்குள் ஊறும் நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. நீர் காய்ந்துபோக, உப்பு மேலே தங்குகிறது. அதனால் வெயில் காலத்தில் வெள்ளைப் பொடி. மழைக்காலத்தில் அது கரைந்து, வெறும் கறுத்த திட்டு. ஒரு மாதத்தில் எடுத்த படம் மறு மாதத்துக்குச் சாட்சி ஆகாது. எனவே எந்த மாதம் எடுத்தது என்பதைப் படத்திலேயே எழுதிவிட வேண்டும். சுவரில் ஒரு பகுதி மட்டும் புது பெயிண்டாக இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

நமக்குப் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். பிப்ரவரியில் எடுத்த என் காணொளியில் தளம் ஒழுகுவது தெரிய வாய்ப்பே இல்லை. ஆனால் என் கைபேசியில் 2024 நவம்பர் 30 இரவு எடுத்த பன்னிரண்டு விநாடித் துண்டு ஒன்று கிடந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய நேரம். மின்விசிறிக் கொக்கிக்கு ஒரு சாண் தள்ளித் தளத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கீழே நீல வாளி. காட்டினால் பயந்துவிடுவார்கள் என்று முதல் தடவை அதைச் சேர்க்கவில்லை. இரண்டாம் தடவை சேர்த்தோம், “புயல் நாள், 2024 நவம்பர்” என்ற எழுத்தோடு. சாதாரண மழைக்கு அந்த இடம் ஒழுகியதில்லை என்பதையும் சொன்னோம். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதுவும் ஒருவகை ஏமாற்றுதான், எதிர்த்திசையில்.

வெளிச்சத்தில் இன்னொரு தொல்லை. ஜன்னலிலிருந்து இருண்ட மூலைக்குத் திரும்பும்போது கைபேசி தானாகவே மூலையை வெளுப்பாக்கிவிடும். பகலிலும் விளக்குப் போட வேண்டிய மூலை, படத்தில் பளிச்சென்று இருக்கும். திரையில் அறையின் நடுச் சுவர்மேல் விரலை அழுத்தி வைத்தால் பெரும்பாலான கைபேசிகளில் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும், அதன்பின் திருப்பலாம். ஜன்னல் வெளுத்துத்தான் போகும், போகட்டும். எல்இடி விளக்கில் எடுக்கும்போது கோடு கோடாக ஓடினால், கேமரா அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் மின்சாரம் அதுதான்.

இசை. இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: போடாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு இருபது விநாடி பேசாமல் ஒலியைப் பதிவு செய்யுங்கள். எங்கள் பதிவில் மின்விசிறியின் கிறீச்சும், கீழ்வீட்டு மிக்ஸியும், தூரத்துப் பஸ் ஹாரனும் வந்தன. மாலை ஐந்துக்குப் போடும் மோட்டாரின் உறுமலைத் தனியாக எடுத்துச் சேர்த்தோம்.

மோட்டார் என்றதும் குளியலறை. மொட்டை மாடி அறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் உயர வித்தியாசம் சில அடிதான். அதனால் குழாயில் வேகம் இருக்காது. கீழ்வீட்டில் பீய்ச்சி அடிக்கும் அதே தொட்டி நீர் மேலே நூலாக இறங்கும். குழாயைத் திறந்து இரண்டு விநாடி காட்டினால் எந்தக் குழாயும் நன்றாகத்தான் தெரியும். பதினைந்து லிட்டர் வாளியை வைத்து, பக்கத்தில் கடிகாரத்தை வைத்தோம். நிரம்ப மூன்று நிமிடம் பத்து விநாடி. வேகமாக ஓட்டிக் காட்டவில்லை. வாளி காலியாக இருக்கும்போது பத்து விநாடி, நிரம்பும்போது பத்து விநாடி, கடிகாரம் தெரியும்படி.

இனி குரல். படம்பிடிக்கும்போதே பேசினால் பார்த்தது எல்லாவற்றையும் சொல்லத் தோன்றும். படத்தை வெட்டி ஒட்டிய பிறகு எழுதி வாசிப்பதே நல்லது. என் பழைய வாசகம் இது: “சுவரில் கொஞ்சம் ஓதம் இருக்கிறது, ஆனால் இந்த வாடகைக்கு இது பெரிய விஷயமில்லை.” கொஞ்சம் என்றால் எவ்வளவு? பெரிய விஷயமா இல்லையா என்பதை நான் யார் முடிவு செய்ய? மாற்றி எழுதியது: “குளியலறையை ஒட்டிய சுவர். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை காரை உதிர்கிறது. வாரம் ஒருமுறை பெருக்க வேண்டும். இந்தச் சுவரோரம் நான் எதையும் வைத்ததில்லை.” எங்கே, எவ்வளவு, எப்போது, நான் என்ன செய்தேன் என்பதோடு நிறுத்திவிட்டேன். “ஆனால்” என்ற சொல்லை வாசகம் முழுவதிலும் தேடித் தேடி அடித்தேன், பதினொன்று இருந்தன.

நல்லதையும் இதே அளவுகோலில்தான் சொல்ல வேண்டும். “அருமையான காற்று” என்பதை எடுத்துவிட்டு, “ஜூனில் பிற்பகல் மூன்றுக்கு மேல் கடற்காற்று கிழக்கு ஜன்னலில் வரும், தளத்துச் சூடு இறங்க இரவு பத்தாகும்” என்றோம். இரவுக் காட்சியில் சுவரில் மாட்டிய வெப்பமானி 34 காட்டியது.

குறைகளைச் சொல்கிறேன் என்று வீட்டுக்காரரைத் திட்டுவதும் தவறுதான். கதவு எண், மின் மீட்டர் எண், கீழ்வீட்டார் முகம், பூட்டு எதுவும் படத்தில் வரக் கூடாது. வெளியிடும் முன் வீட்டுக்கார அம்மாவிடம் காட்டினோம். ஓதச் சுவர் வந்ததும் முகம் சுருங்கியது. “இதையெல்லாமா காட்டுவது?” என்றார். புயல் துண்டு வந்தபோது கைபேசியை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். “கொக்கியிலிருந்து எவ்வளவு தூரம்? இதை மட்டும் எனக்கு அனுப்பு, கொத்தனாரிடம் காட்ட வேண்டும்.”