தக்காளி இலையை போட்டோ எடுத்து ஆப்ல போடுறதுக்கு முன்னாடி

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி போட்டிருக்கவங்களுக்கு ஒரு டிப்ஸ். இலை படத்தைப் பாத்து நோய் சொல்ற ஆப்பெல்லாம் பழக்க நிறைய பேர் எடுத்துக்கிறது ப்ளான்ட்வில்லேஜ்ங்கிற படத்தொகுப்பு, ஒத்தை இலையைப் பறிச்சு வெறும் அட்டை மேல வச்சு எடுத்தது, 2016ல அதே தொகுப்புப் படங்கள்ல சோதிச்சப்ப 99% சரி, வேற எடத்துல எடுத்த படங்களைக் காட்டுனா சுமார் 31% தான்! நம்ம வயல்ல செம்மண்ணு, மல்ச்சிங் ஷீட்டு, வெயில் நெழல் எல்லாம் படத்துல விழுது.

அதனால ஒரே இலையை செடியில ஒன்னு, பறிச்சு நெழல்ல சாம்பல் கலர் அட்டை மேல ஒன்னுனு எடுங்க. ரெண்டுக்கும் வேற பேர் சொன்னா மருந்து அடிச்சிராதீங்க. வளையம் வளையமா புள்ளி இருந்தா கருகலா இருக்கலாம். ஆனா இலைக்குள்ள புழு அரிச்ச தடம் அந்தப் படத்தொகுப்புலயே கெடையாது, அத மட்டும் படிச்ச ஆப் அதையும் வேற ஏதாவது நோய்னோ நல்ல இலைன்னோதான் சொல்லும், வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா புழு உள்ளயே இருந்தா தெரியும்.