சேமிப்புக் கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கழியும் காசு: பலரும் விடும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் எந்த வங்கிக் கிளையிலும் மாத முதல் வாரத்தில் ஒரே உரையாடலைக் கேட்கலாம். "மிஸ், நான் ஒரு சதமும் எடுக்கேல்லை, காசு எங்க போனது?" உத்தியோகத்தர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டுவார். 25, 50, 600 என்று சின்னச் சின்னக் கழிவுகள். ஒவ்வொன்றும் கட்டண அட்டவணையில் உள்ளதுதான். ஆனால் அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும் விதத்தைக் கணக்குத் திறக்கும்போது யாரும் விளக்குவதில்லை.

பின்நம்பரை ஒருவருக்கும் சொல்லாதீர்கள், காட்டைத் தொலைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இங்கே பேசப்போவது, விவரம் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்ப விடுகிற பிழைகளை. கட்டணத் தொகைகள் வங்கிக்கு வங்கி வேறுபடும். கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்கான உதாரணங்கள். உங்கள் வங்கியின் தொகையைக் கிளையில் ஒட்டியிருக்கும் கட்டண அட்டவணையிலோ வங்கியின் இணையத்தளத்திலோ பார்த்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

பழைய சம்பளக் கணக்கைக் கொஞ்சக் காசோடு விட்டுவிட்டுப் போவது

எல்லாவற்றிலும் அதிகம் செலவு வைப்பது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் நடக்கிறது என்பதால் எரிச்சலும் இதில்தான் அதிகம்.

திருநெல்வேலியில் ஒரு கடையில் வேலை செய்யும் பிள்ளை ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி சம்பளத்தை ஒரு வங்கியில் போட்டுவந்தார். சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை அந்தக் கணக்குக்குக் குறைந்தபட்ச மீதி நிபந்தனை இல்லை. பிறகு அவர் வேறு வேலைக்குப் போனார். அங்கே வேறு வங்கி. பழைய கணக்கில் 1,650 ரூபாய் கிடந்தது. "இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும்" என்று விட்டுவிட்டார்.

சம்பளம் நின்று சில மாதங்களில் அந்தக் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். அதைச் சொல்லும் கடிதம் வந்தாலும் பழைய முகவரிக்குத்தான் போகும். இனி நிபந்தனைகள் எல்லாம் பொருந்தும்: குறைந்தபட்ச மீதி 1,000, அதற்குக் கீழே போனால் மாதம் 50, குறுஞ்செய்திச் சேவைக்கு மாதம் 25, டெபிட் காட்டின் வருடக் கட்டணம் 600. காட் சித்திரை மாதத்தில் எடுத்தது என்பதால் வருடக் கட்டணமும் ஒவ்வொரு ஏப்ரலிலும் விழும்.

ஜனவரி முதல் மார்ச் வரை குறுஞ்செய்திக் கட்டணம் மட்டும் கழிந்து 1,575 மிஞ்சுகிறது. இதுவரை பெரிய சேதம் இல்லை. ஏப்ரலில் 25 கழிந்து, மேலே காட் கட்டணம் 600 கழிய, மீதி 950. கவனியுங்கள், அவர் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. வங்கியின் சொந்தக் கட்டணமே கணக்கைக் குறைந்தபட்ச மீதிக்குக் கீழே தள்ளிவிட்டது. உடனே அந்த மாதத்துக்கே 50 ரூபாய் தண்டம், மீதி 900.

இனி ஒவ்வொரு மாதமும் 25உம் 50உமாக 75 போகும். 900ஐ 75ஆல் பிரித்தால் 12. அடுத்த ஏப்ரலில் மீதி சரியாகப் பூச்சியம், அந்த ஏப்ரலுக்கான காட் கட்டணம் 600ஐ எடுக்கக் காசு இல்லை. மொத்தம் 16 மாதம். குறுஞ்செய்திக்கு 400, காட்டுக்கு 600, தண்டமாக 650. வட்டியாக வந்த ஓரிரு ரூபாயை இதில் சேர்க்கவில்லை. குறைந்தபட்சத்துக்குக் கீழே வட்டியே கொடுக்காத கணக்குகளும் உண்டு.

பூச்சியத்தோடு முடியும் என்று நினைப்பது அடுத்த பிழை. சில வங்கிகளில் எடுக்க முடியாமல் போன கட்டணம் நிலுவையாக நிற்கும். இரண்டு வருடத்துக்குப் பிறகு மாமா கனடாவிலிருந்து அந்தப் பழைய கணக்கு இலக்கத்துக்கே காசு அனுப்பினால், வந்த காசிலிருந்து நிலுவை முதலில் கழியும்.

தடுப்பது எப்படி? அந்தக் கணக்கு தேவையில்லை என்றால் மூடிவிடுங்கள். மூடுவதற்கு அடையாள அட்டை, புத்தகம், காட் மூன்றையும் கொண்டு கிளைக்குப் போங்கள். முதலில் நிலையான கட்டளை, மாதக் கட்டுப்பணம் ஏதும் அந்தக் கணக்கிலிருந்து போகிறதா என்று கேட்டு நிறுத்துங்கள். பிறகு ஒரே கடிதத்தில் மூன்றையும் எழுதுங்கள்: காட்டை இரத்துச் செய்யவும், குறுஞ்செய்திச் சேவையை நிறுத்தவும், கணக்கை மூடி மீதியைத் தரவும். கடிதத்தின் பிரதியில் திகதியும் கிளை முத்திரையும் வாங்குங்கள். காட் கட்டணம் விழும் மாதத்துக்கு முந்திய மாதமே போக வேண்டும். விழுந்த பிறகு போனால் 600ஐத் திரும்பத் தரச் சொல்லிக் கேட்பது கடினம்.

கணக்கு வேண்டும் என்றால் அதில் விட வேண்டிய தொகையைக் கூட்டிப் பாருங்கள்: குறைந்தபட்ச மீதி, ஒரு வருடக் காட் கட்டணம், 12 மாதக் குறுஞ்செய்திக் கட்டணம். மேலுள்ள உதாரணத்தில் 1,000, 600, 300 சேர்ந்து 1,900. அந்தப் பிள்ளை விட்டதிலும் 250 ரூபாய்தான் கூட. அந்த 250 இருந்திருந்தால் முதல் வருடம் ஒரு தண்டமும் விழுந்திருக்காது.

காட்டை வெட்டிக் குப்பையில் போட்டால் கட்டணம் நின்றுவிடும் என்று நினைப்பது

நிற்காது. எழுத்தில் இரத்துச் செய்ய வேண்டும்.

"மாதத்தில் ஒருநாள் தானே குறைந்தது" என்று இருப்பது

குறைந்தபட்ச மீதியை வங்கிகள் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. ஒரு முறையில் மாதத்தின் எல்லா நாள் மீதியையும் கூட்டி, நாட்களால் பிரித்துச் சராசரி எடுப்பார்கள். இன்னொரு முறையில் மாதத்தில் எந்த நாளில் ஆகக் குறைவாக இருந்ததோ அதை மட்டும் பார்ப்பார்கள்.

வித்தியாசம் பெரியது. 20,000 ரூபாய் சம்பளம் விழுந்து இரண்டு நாள் இருந்தது, பிறகு 19,800ஐ எடுத்துவிட்டீர்கள், மீதி 28 நாளும் 200 ரூபாய்தான். சராசரி முறையில் 40,000உம் 5,600உம் கூட்டி 30ஆல் பிரிக்க 1,520 வரும். 1,000 என்ற எல்லைக்கு மேலே, தண்டம் இல்லை. ஆகக் குறைந்த நாள் முறையில் 200 மட்டுமே கணக்கு, தண்டம் உண்டு. இந்த முறையில் சந்தைக்குப் போகிற அவசரத்தில் ஒரு மாலை எடுத்து மறுநாள் காலை திரும்பப் போட்டாலும் பயன் இல்லை.

ஆகவே "குறைந்தபட்ச மீதி எவ்வளவு" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "மாதச் சராசரியா, ஆகக் குறைந்த நாள் மீதியா?" என்று கேளுங்கள்.

குறுஞ்செய்திக் கட்டணத்தை வட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்காதது

மாதம் 25 என்பது சிறியதாகத்தான் தெரியும். வருடத்துக்கு 300. கணக்கில் 5,000 ரூபாய் கிடந்து, வட்டி வருடத்துக்கு 3 வீதம் என்றால் வரும் வட்டி 150. அதில் 10 வீதம் வரி போக 135. ஆக, சேமிப்பு என்று வைத்த காசு வருடத்துக்கு 165 ரூபாயால் குறைகிறது. இந்தக் கட்டணத்தை வட்டி ஈடுசெய்ய வேண்டுமென்றால் கணக்கில் கிட்டத்தட்ட 11,100 ரூபாய் எப்போதும் இருக்க வேண்டும்.

இதற்காக எல்லோரும் சேவையை நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. காட் பாவிக்கிற கணக்கில், உங்களுக்குத் தெரியாமல் காசு போனால் உடனே காட்டிக்கொடுப்பது அந்தக் குறுஞ்செய்திதான். அதை வைத்திருங்கள். ஆனால் சிம்மை மாற்றிவிட்டு வங்கிக்கு அறிவிக்காதவர்கள் பலர். செய்தி யாருடைய தொலைபேசிக்கோ போகும், கட்டணம் உங்கள் கணக்கில் விழும். அதோடு உங்கள் மீதியை வேறொருவர் மாதாமாதம் வாசித்துக்கொண்டிருப்பார்.

WHT என்ற வரியை வங்கிக் கட்டணம் என்று நினைத்துச் சண்டை பிடிப்பது

புத்தகத்தில் WHT என்று விழுவது பிடித்துவைத்தல் வரி. அது உங்கள் வட்டி மீது அரசுக்குப் போகும் வரி, வங்கி எடுப்பதல்ல. 2023 ஜனவரி 1 முதல் 5 வீதமாக இருந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் 10 வீதம்.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டியது, வரி முழு வட்டி மீதும் கணிக்கப்படுகிறது என்பதுதான். ஒரு மாத வட்டி 250 ரூபாய் என்றால் வரி 25. அதே மாதம் குறுஞ்செய்திக்கும் தண்டத்துக்கும் 75 கழிந்திருந்தாலும், "மிஞ்சியது 175 தானே, அதுக்குத் தானே வரி" என்ற வாதம் செல்லாது. கட்டணங்கள் வரிக்குப் பிறகு தனியாகக் கழியும்; உங்கள் கைக்கு வருவது 150.

வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் இல்லாதவர் சுயபிரகடனப் படிவத்தை நிரப்பி வங்கியில் கொடுத்தால் வரி பிடிக்கமாட்டார்கள். அதற்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கம் வேண்டும். ஓய்வூதியத்திலும் வைப்பு வட்டியிலும் வாழ்கிற பெரியவர்களுக்கு இது உண்மையில் பயன்படும். பிள்ளைகள்தான் கூட்டிக்கொண்டு போய்ச் செய்துகொடுக்க வேண்டும். ஏற்கெனவே பிடித்த வரியைக் கிளை திருப்பித் தராது. அது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போய்விட்டது, மீளக் கோர வேண்டியதும் அங்கேதான்.

கட்டணங்கள் மீதான வரி வேறு விடயம். அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் "வரிகள் நீங்கலாக" என்று இருந்தால், புத்தகத்தில் விழும் தொகை அச்சிட்டதிலும் சற்றுக் கூடவாக இருக்கும். வித்தியாசம் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளையின் கணக்கு 18 வயதில் மாறுவதைக் கவனிக்காதது

சிறுவர் கணக்கின் சலுகைகள் அந்தப் பிறந்தநாளோடு முடிகின்றன.

புத்தகத்தை வருடக்கணக்காக அச்சிடாமல் வைத்திருப்பது

நீண்டகாலம் புத்தகத்தைக் கொண்டுபோகாவிட்டால் பழைய பதிவுகள் ஒன்றாகத் திரட்டப்பட்டு ஒரே வரியில் விழலாம். அந்த வரியில் எது தண்டம், எது காட் கட்டணம், எது வரி என்று பிரித்தறிய முடியாது. பிறகு கூற்று எடுக்க வேண்டும். பழைய கூற்றுக்கும் கட்டணம் இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்சிடுங்கள், பிழையாக விழுந்த கட்டணத்தை அப்போதே காட்டலாம்.

காட்டும்போது வாயால் மட்டும் சொல்லாதீர்கள். பதிவின் திகதி, தொகை, அது ஏன் பிழை என்பது மூன்றையும் எழுதி முகாமையாளரிடம் கொடுங்கள். "மார்ச் 10இல் காட்டை இரத்துச் செய்யக் கடிதம் தந்தேன், பிரதி இணைப்பு, ஏப்ரல் 4இல் 600 ரூபாய் கழிந்துள்ளது" என்ற இரண்டு வரி போதும். கிளை தீர்க்காவிட்டால் அந்த வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம், தொலைபேசி இலக்கம் 1935. முத்திரையிட்ட அந்தக் கடிதப் பிரதியை அங்கேயும் கேட்பார்கள்.