வாரம் முழுக்கக் குடிக்காமல் சனிக்கிழமை மொத்தமாகக் குடிப்பவர்கள் செய்யும் தவறுகள்

"நான் தினமும் குடிக்கிறவன் இல்லையே, வாரத்துக்கு எட்டு பெக் தான், சராசரி பார்த்தால் ஒரு நாளைக்கு ஒன்று சொச்சம்தானே?" இப்படிக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. கல்லீரலுக்குச் சராசரி தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதுதான். பெரும்பாலானவர்களின் உடல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் உடைக்கும். 30 மில்லி விஸ்கியில் ஏறக்குறைய 10 கிராம் இருக்கிறது. அதாவது மணிக்கு ஒரு சின்ன பெக், அவ்வளவுதான். அதற்கு மேல் போவது எல்லாம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் இரவு 8 மணிக்கு ஆரம்பித்து 11 மணிக்குள் எட்டு பெக், அதாவது 240 மில்லி, குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போனது சுமார் 80 கிராம். அந்த மூன்று மணி நேரத்தில் உடல் உடைத்தது போக, 11 மணி வாக்கில் ரத்த ஆல்கஹால் அளவு 0.12 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அது மணிக்கு 0.015 வீதம்தான் இறங்கும் என்பதால், முழுக்க வெளியேற மறுநாள் காலை ஏழு மணி ஆகிவிடும். அதே எட்டு பெக்கை எட்டு நாட்களில் குடித்திருந்தால் எந்த நாளும் 0.02ஐக் கூடத் தாண்டியிருக்காது. (அதற்காகத் தினமும் குடிப்பது நல்லது என்று நான் சொல்லவில்லை, அதற்குத் தனிப் பாதிப்புகள் உண்டு.) பெண்களுக்கு உடலில் நீரின் பங்கு பொதுவாகக் குறைவு, அதனால் அதே எடையில் அதே அளவுக்கு இன்னும் மேலே ஏறும். சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏறும் வேகம் குறையும், உண்மைதான். ஆனால் காபியோ குளிர்ந்த நீரில் குளிப்பதோ இறங்கும் வேகத்தைக் கூட்டாது.

இன்னொன்றையும் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள்: எப்போதாவது குடிக்கும் உடல் 'ஃப்ரெஷ்ஷாக' இருப்பதால் தாங்கும் என்று. உண்மையில் பழக்கமில்லாத மூளைதான் குறைந்த அளவிலேயே தடுமாறும்.

அடுத்த தவறுதான் எனக்கு மிகவும் பயமாக இருப்பது: "நல்லா தூங்கட்டும், காலையில் சரியாகிடும்" என்று மயங்கிக் கிடப்பவரை அறையில் தனியே விட்டுக் கதவைச் சாத்துவது. கடைசியாக வேகமாகக் குடித்த இரண்டு மூன்று பெக் இன்னும் வயிற்றிலும் குடலிலும் இருக்கும், அதனால் அவர் கண்ணை மூடிய பிறகும் அளவு ஏறிக்கொண்டே போகலாம். தொண்டையில் ஏதாவது பட்டால் இருமித் தள்ளும் அனிச்சைச் செயலும் அப்போது மங்கிவிடும், மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய் உயிரையே எடுத்துவிடும். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்து, ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தட்டி எழுப்பியும் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவாக விடுகிறார், இரண்டு மூச்சுக்கு இடையே பத்து வினாடிக்கு மேல் இடைவெளி விழுகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, உடம்பு சில்லிட்டுப் போகிறது, வலிப்பு வருகிறது... இவற்றில் ஒன்று இருந்தாலே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

அப்புறம் இதயம். 1978இல் பிலிப் எட்டிங்கரும் அவரது சக மருத்துவர்களும் வார இறுதியிலோ விடுமுறையிலோ நிறையக் குடித்த பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி எழுதி, அதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்று பெயர் வைத்தார்கள். பெரும்பாலும் நடப்பது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடப்பது, இதயநோய் எதுவும் இல்லாதவருக்கும் இது வரலாம். குடிக்கும்போதே வர வேண்டும் என்றில்லை, போதை தெளிந்த மறுநாள் கூட வரும். அதனால்தான் "ஹேங்ஓவர் தான், டென்ஷன் தான்" என்று தள்ளிவிடுகிறார்கள். பலருக்கு ஒரு நாளுக்குள் தானாகவே அடங்கிவிடும். ஆனால் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். வேகமாக மட்டும் இல்லாமல் தாளமே இல்லாமல் விட்டு விட்டு அடித்தால் படபடப்பு இருக்கும்போதே போய் இசிஜி எடுக்க வேண்டும். திங்கட்கிழமை வரை பொறுத்தால் துடிப்பு சீராகி, இசிஜியில் எதுவுமே தெரியாமல் போகலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் சேர்ந்து வந்தால் நாடியைக் கூடப் பார்க்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். டாக்டரிடம் "கொஞ்சம் குடித்தேன்" என்று சொல்லாமல், எத்தனை மணிக்குள் எத்தனை பெக் என்று அப்படியே சொல்லுங்கள்.