ஆர்.டி. வட்டியும் ஆண்டுதோறும் சேரும் வரியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் பிறந்துவிட்டால், காரைக்குடியில் நான் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் மேசைக்கு ஆர்.டி. பாஸ்புத்தகங்கள் வரத் தொடங்கிவிடும். வட்டிக் கணக்கில் பெயர் பெற்ற சீமை இது. ஆனாலும் புதிதாகச் சேமிக்கத் தொடங்குவோர் அதே சில இடங்களிலேயே இடறுகிறார்கள். தவணையை மறந்து அபராதம் கட்டுவது போன்றவற்றை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

முதிர்வுத் தொகையை மொத்தத்துக்குக் கணக்கிடுவது

மாதம் 10,000 ரூபாய், ஐந்தாண்டு, 6.7 சதவீத வட்டி என்றால், ஆறு லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டியாக 2,01,000 ரூபாய் வரும் என்று பலர் மனக்கணக்குப் போடுகிறார்கள். முதல் தவணைதான் அறுபது மாதமும் வங்கியில் இருக்கிறது. கடைசித் தவணை ஒரு மாதம் மட்டுமே இருக்கிறது. காலாண்டுக்கு ஒருமுறை கூட்டுவட்டி சேர்த்தாலும் முதிர்வில் கிடைப்பது சுமார் 7,13,658 ரூபாய். அதில் வட்டி 1,13,658 ரூபாய்தான்.

வங்கி வரி பிடிக்கவில்லை என்பதால் வரியே இல்லை என நினைப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். தேவகோட்டையிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர், "அண்ணே, வங்கியில ஒரு பைசாகூடப் பிடிக்கலையே, பிறகு எதுக்கு நான் காட்டணும்? முதிர்ந்து கைக்கு வந்ததும் மொத்தமாக் காட்டிக்கிறேன்" என்றார். கவுண்டரில் இருந்தவரும் அவருக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

டி.டி.எஸ். என்பது வங்கி முன்கூட்டிப் பிடித்துச் செலுத்தும் தொகையே தவிர, வரி உண்டா இல்லையா என்பதற்கான தீர்ப்பு அன்று. 2025 ஏப்ரல் முதல், ஒரு வங்கி தரும் வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான், அது பிடிக்கப்படுகிறது. அந்த வரம்புக்குக் கீழே உள்ள வட்டியும் வருமானமே. பிடித்தம் இல்லாவிட்டாலும், வங்கி தெரிவிக்கும் வட்டி வருமான வரி இணையதளத்தில் ஏ.ஐ.எஸ். எனப்படும் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வந்து உட்கார்ந்துவிடும்.

மேலே சொன்ன கணக்கு ஏப்ரல் 1-இல் தொடங்கியது என்று கொண்டால், வட்டி முதலாண்டில் சுமார் 4,420, அடுத்து 12,970, பின்னர் 22,100, நான்காமாண்டில் 31,870, கடைசி ஆண்டில் 42,300 ரூபாய் எனச் சேர்கிறது. எந்த ஆண்டிலும் வரம்பைத் தொடாததால், வேறு வைப்பு இல்லாதவருக்கு வங்கி கடைசிவரை எதுவும் பிடிக்காது.

இப்போது நிலையான கழிவு போக ஆண்டுக்கு 11,50,000 ரூபாய் வருமானமுள்ள ஒருவரைப் புதிய வரிமுறையில் எடுத்துக்கொள்வோம். இன்றைய விதிகளே நீடிக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். அந்தந்த ஆண்டின் வட்டியை அந்தந்த ஆண்டே காட்டினால், கடைசி ஆண்டில்கூட மொத்தம் 11,92,300 ரூபாய்தான். 12 லட்சம் வரையிலான தள்ளுபடிக்குள் அடங்கி, வரி ஒன்றுமில்லை. முழு வட்டியையும் முதிர்வாண்டில் கொட்டினாலோ மொத்தம் 12,63,658 ஆகிறது. வரம்பைச் சற்றே தாண்டியவர்களுக்குத் தரப்படும் விளிம்பு நிவாரணத்தைக் கழித்த பிறகும் 63,658 ரூபாய் வரி. நான்கு சதவீதச் செஸ் சேர்த்தால் சுமார் 66,200. ஐந்தாண்டு வட்டியில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது.

கைக்கு வந்த ஆண்டில் காட்டும் முறையையும் சட்டம் ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அதைத் தேர்ந்தவர் தொடர்ந்து அதே முறையில் நிற்க வேண்டும். இந்த ஆண்டு சேர்ந்த வட்டி, அடுத்த ஆண்டு கைக்கு வந்த வட்டி என்று வசதிக்கு மாற்ற இயலாது. வங்கியோ சேர்ந்த வட்டியை ஆண்டுதோறும் கணக்கிடுவதால், ஏ.ஐ.எஸ். ஒரு தொகையும் உங்கள் கணக்கு வேறு தொகையும் சொல்லும். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வர அதுவே போதும். ஆகவே மார்ச் முடிந்ததும் வங்கியில் வட்டிச் சான்றிதழ் வாங்கி, ஏ.ஐ.எஸ்.-உடன் ஒப்பிட்டு, 'இதர வருமானம்' என்ற தலைப்பில் காட்டிவிடுவதே என் அறிவுரை.

கிளைக்கொன்றாகப் பிரிப்பது

டி.டி.எஸ். வரம்புக்குள் நிற்பதற்காகக் காரைக்குடியில் ஒன்று, பள்ளத்தூரில் ஒன்று என்று போட்டாலும், ஒரே வங்கியானால் வட்டி ஒன்றாகவே கூட்டப்படும்.

80TTA

அந்தப் பிரிவு தரும் வட்டிக் கழிவு சேமிப்புக் கணக்கு வட்டிக்கு மட்டும், ஆர்.டி.க்கு இல்லை.

ஆண்டுதோறும் காட்டிவிட்டு, முதிர்வில் மறுபடி காட்டுவது

நேர்மையாகக் காட்டியவர்களே செய்யும் தவறு இது. முதிர்வு ரசீதில் 1,13,658 என்று மொத்த வட்டி தெரிந்ததும் அதையே எழுதி, முதல் நான்காண்டு வட்டிக்கு இரண்டாம் முறை வரி கட்டுகிறார்கள். முதிர்வாண்டில் எழுத வேண்டியது கடைசி ஆண்டின் 42,300 மட்டுமே. முந்தைய ஆண்டுகளில் காட்டிய தொகைகளைப் பாஸ்புத்தகத்தின் உள்ளட்டையிலேயே ஆண்டுவாரியாகக் குறித்து, தாக்கல் செய்த படிவங்களின் நகலையும் வைத்திருந்தால், துறை கேட்கும்போது எடுத்துக் காட்டலாம்.