'போனில் சொல்கிறேன்' என்று எழுதும்போது செய்யும் தவறுகள்

கும்பகோணத்தில் வக்கீலாக இருக்கும் எனக்குக் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். நிலம் ஊரில், பவர் தம்பி பெயரில். அப்படி ஒருவருக்காக வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தபோது, அந்தப் பவரை வைத்துத் தம்பி நஞ்சையை விற்றிருந்தது தெரிந்தது. "அவசரம். உடனே கூப்பிடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அவர் என்னைக் கூப்பிடவில்லை. அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி வீட்டுக்குக் கூப்பிட்டார். போனை எடுத்தவர் தம்பி. "வக்கீல் அவசரம் என்கிறாரே, என்னடா?" என்று அவரிடமே கேட்டிருக்கிறார். நாங்கள் பவரை ரத்து செய்வதற்குள் மீதியிருந்த மனைக்கும் முன்பணம் கைமாறிவிட்டது.

தவறு என்னுடையது. எதைப் பற்றி என்று சொல்லாத அவசரம், வெளிநாட்டில் இருப்பவருக்குச் சாவுச் செய்தியாகத்தான் படும். இப்போது இப்படி எழுதுகிறேன்: "வணக்கம் அண்ணா. நீங்கள் கேட்ட பத்திர வேலை பற்றிப் பேச வேண்டும். யாருடைய உடல்நலம் பற்றியதும் இல்லை. இன்று உங்கள் நேரம் இரவு 9 மணிக்கு, தனியாக இருந்து கூப்பிடுங்கள். அதற்கு முன் வீட்டில் விசாரிக்க வேண்டாம்." சிங்கப்பூரில் 9 என்றால் இங்கே 6.30. யாருடைய நேரம் என்று எழுதாமல் விட்டால் இரண்டரை மணி நேரம் அவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார். தம்பியின் பெயரோ 'விற்பனை' என்ற சொல்லோ செய்தியில் வரக்கூடாது. பூட்டிய திரையிலும் முதல் வரி தெரியும். சான்றின் நகலை முன்கூட்டி அனுப்புவதும் அதே தவறுதான்.

"கெட்ட செய்தியா?" என்று பதில் வரும். "ஒன்றுமில்லை" என்று பொய் சொல்லாதீர்கள். "நீங்கள் முடிவெடுக்க வேண்டிய விஷயம், பேசும்போது முழுதும் சொல்கிறேன்" என்றால் போதும்.

அழைப்பு வந்ததும் மேட்டூர் திறந்ததா, குறுவை எப்படி என்று நம் ஊர் வழக்கப்படி சுற்றி வளைப்போம். வேண்டாம். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அடுத்த வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

பேசியதோடு விட்டுவிடுவதுதான் வக்கீல்கள் செய்யும் பெரிய தவறு. பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்குக் காலவரையறைச் சட்ட அட்டவணையின் 59ஆவது உறுப்பில் கெடு 3 ஆண்டு. உண்மை முதலில் தெரியவந்த நாளிலிருந்து அது ஓடுகிறது. அவருக்கு முன்பே தெரியும் என்று எதிர்த்தரப்பு வாதாடினால், வெறும் போன் பேச்சு எதையும் நிரூபிக்காது. அதனால் அன்றிரவே அவர் மட்டும் திறக்கும் மின்னஞ்சலுக்கு, சொன்னதைத் தேதியுடன் எழுதி, சான்றையும் இணைத்து அனுப்பிவிடுகிறேன். பவரை ரத்து செய்யும் பத்திரத்தின் வரைவும் அதிலேயே போகும். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அவர் கையெழுத்திட்டு அனுப்பினால், இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும்.