"எப்ப முடியும்?" என்று மேனேஜர் கேட்டால்: வேலைக்கு நாள் கணக்குப் போடுவது எப்படி

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றில், விற்பனைப் பட்டியலை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பட்டன் வைக்க வேண்டும். மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "எப்ப முடியும்?" என்றார். "ரெண்டு நாள் சார்" என்றேன். பதினொரு வேலை நாள் ஆனது.

மூன்று வருடம் கழித்துக் கிட்டத்தட்ட அதே வேலை வந்தது, இந்த முறை கொள்முதல் பட்டியலுக்கு. அதற்கு நாள் கணக்குப் போட்ட விதத்தைப் படிப்படியாகச் சொல்கிறேன். நீங்கள் மென்பொருள் எழுதாவிட்டாலும் முறை இதேதான்.

படி 1: உடனே பதில் சொல்லாதீர்கள்

"பாத்துட்டு சாயங்காலம் சொல்றேன் சார்" என்றால் எந்த மேனேஜரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் போகிறபோக்கில் வாயிலிருந்து விழுந்த "ரெண்டு நாள்" அரை மணி நேரத்தில் வாடிக்கையாளரின் காதுக்குப் போய்விடும்.

சாயங்காலத்துக்குள் ஒரு கேள்வியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: "முடிந்தது" என்றால் என்ன? என் கணினியில் ஓடினால் போதுமா, சோதனைக் குழு பார்த்து முடித்திருக்க வேண்டுமா, கடைக்காரர் கைக்கே போயிருக்க வேண்டுமா? நான் முதல் அர்த்தத்தில் சொல்லியிருந்தேன். அவர் மூன்றாவது அர்த்தத்தில் கேட்டுக்கொண்டார்.

படி 2: ஒரு நாளுக்குள் முடியும் துண்டுகளாக உடையுங்கள்

ஒரு துண்டு ஒரு நாளுக்கு மேல் போனால் அதற்குள் நீங்கள் யோசிக்காத ஏதோ ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நான் காகிதத்தில் எழுதியது இது:

- எந்தெந்த நெடுவரிசைகள் வேண்டும் என்று கணக்குப் பிரிவிடம் கேட்டு உறுதி செய்வது: 2 மணி
- தேதிவாரியாகத் தரவை எடுப்பது: 4 மணி
- எக்செல் கோப்பு, தலைப்புகள், ஜிஎஸ்டி கூட்டுத்தொகை: 5 மணி
- திரையில் பட்டனும் தேதித் தேர்வும்: 3 மணி
- ஒரு வருடத் தரவை மொத்தமாக இறக்கிப் பார்ப்பது: 4 மணி
- மூத்தவர் பார்த்துச் சொல்லும் திருத்தங்கள்: 3 மணி
- சோதனையில் வரும் பிழைகள்: 5 மணி
- சர்வரில் ஏற்றுவது: 2 மணி

மொத்தம் 28 மணி. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வரிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள்: 12 மணி. முதல் வருடம் என் மனக்கண்ணில் தெரிந்தது அந்த மூன்றும்தான், "ரெண்டு நாள்" அங்கிருந்துதான் வந்தது. கை வைத்துச் செய்கிற வேலை தலைக்குள் தெரியும். கேட்பதும் திருத்துவதும் ஏற்றுவதும் தெரியாது.

படி 3: சந்தேகமான துண்டுக்கு மூன்று எண்கள்

பட்டியலைப் பார்த்தாலே எது வயிற்றைக் கலக்குகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு ஒரு வருடத் தரவை இறக்கும் துண்டு. அதற்கு மட்டும் எல்லாம் சரியாகப் போனால், வழக்கமாகப் போனால், சொதப்பினால் என்று மூன்று எண் எழுதினேன். அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958 வாக்கில் உருவான, திட்டங்களுக்கு நாள் கணக்குப் போடும் பெர்ட் முறையின் சூத்திரம் இங்கே உதவும். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும்:

```
(2 + 4×4 + 18) / 6 = 6
```

4 மணி என்றிருந்தது 6 ஆனது. மொத்தம் 30 மணி.

அந்த 18 எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். தலையைச் சொறிந்து எடுத்த எண் அல்ல. முதல் வருடம் கோப்பு பெரிதாகி, இறக்கம் பாதியில் அறுந்து, அதைச் சரிசெய்ய உண்மையில் அவ்வளவு நேரம் போனது. மோசமான எண்ணைக் கற்பனையிலிருந்து எடுத்தால் அதுவும் குறைவாகவே வரும். கனடாவில் உளவியல் மாணவர்களிடம், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்ட ஆய்வு ஒன்று 1994-இல் வெளியானது. சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள். உண்மையில் ஆனது சுமார் 55 நாள். அதனால் பழைய மெயிலையோ டிக்கெட்டையோ தோண்டி எடுங்கள். உங்களிடம் இல்லையென்றால், அந்த வேலையை முன்பு செய்தவரிடம் டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

படி 4: மணியைத் தேதியாக மாற்றுங்கள்

30 மணியை எட்டால் வகுத்து "நாலு நாள்" என்று சொல்வதுதான் அடுத்த பள்ளம். போன வார காலண்டரைத் திறந்து பாருங்கள். காலைக் கூட்டம், வாடிக்கையாளர் அழைப்பு, "ஒரு நிமிஷம் இத பாரு" எல்லாம் போக எனக்குக் கிடைத்தது நாளுக்கு 5 மணி. ஆக, 6 வேலை நாள்.

அப்புறம் காத்திருப்பு. மூத்தவர் பார்க்க ஒரு நாள், சோதனைக் குழு எடுத்துக்கொள்ள இரண்டு நாள். 9 நாள் ஆயிற்று. திங்கள் தொடங்கினால், இடையில் ஒரு வெள்ளி அரசு விடுமுறை. ஒன்பதாம் நாள் அடுத்த வாரத்து வெள்ளி. வெள்ளி மாலை சர்வரில் ஏற்றிவிட்டு சனிக்கிழமை போனை அணைக்க முடியாமல் தவித்தவன் நான். எனவே அதற்கடுத்த திங்கள் என்று எழுதிக்கொண்டேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று கணக்கை ரகசியமாக இரட்டிப்பாக்காதீர்கள். மேனேஜரும் ஒரு காலத்தில் இந்த நாற்காலியில் இருந்தவர்தான். நீங்கள் இரண்டால் பெருக்கினால் அவர் இரண்டால் வகுப்பார்.

படி 5: எண்ணைப் பேரம் பேசாதீர்கள், வேலையின் அளவைப் பேசுங்கள்

காகிதத்தோடு போனேன். பேச்சு இப்படிப் போனது.

"அத்தனை நாள் தாங்காதுப்பா. புதன்கிழமை கிளையண்ட் மீட்டிங் இருக்கு."

"அடுத்த புதன்தானே சார்? அன்னிக்கு அவங்க கையில கொடுக்கணுமா, காட்டினா போதுமா?"

"காட்டினா போதும்."

"அப்ப ஒரு மாசத் தரவுக்கு மட்டும் ஓடுற மாதிரி டெஸ்ட் சர்வர்ல காட்டிடலாம். வருஷக் கணக்கு, சோதனை, கடைக்காரருக்குப் போறது எல்லாம் திங்கள்."

"சரி, அப்படியே பண்ணு."

புதன்கிழமைக்குத் தேவைப்பட்டது முதல் நான்கு துண்டுகளும் திருத்தமும் மட்டும்: 17 மணி, அதாவது மூன்றரை நாள், கூடவே ஒரு நாள் காத்திருப்பு. செவ்வாய் வரை ஆறு வேலை நாள் இருந்தது. "இன்னும் கொஞ்சம் குறைக்க முடியாதா?" என்று அவர் கேட்டிருந்தால் பட்டியலை முன்னால் வைத்து, "எந்த வரியை எடுக்கட்டும் சார்?" என்று கேட்டிருப்பேன். வரி எதுவும் போகாமல் எண் மட்டும் குறைந்தால், குறைவது சோதனை நேரம்தான்.

படி 6: எழுத்தில் போடுங்கள், நடுவில் பாருங்கள்

அன்றே மூன்று வரி மெயில்: "புதன் காலை: ஒரு மாதத் தரவு, டெஸ்ட் சர்வரில். அதற்கடுத்த திங்கள்: முழு வேலை, கடைகளுக்கு. நெடுவரிசைகள் எவை என்று கணக்குப் பிரிவு நாளைக்குள் சொன்னால் இந்தத் தேதிகள் நிற்கும்." மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். கணக்குப் பிரிவு இரண்டு நாள் தாமதித்தால் தேதி ஏன் நகர்கிறது என்று அப்போது வாதாட வேண்டியிருக்காது.

15 மணி செலவானதும் நிறுத்திப் பாருங்கள். துண்டுகளில் பாதி முடியவில்லை என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாலு நாள் முன்னால் சொன்னால் மேனேஜர் மீட்டிங்கைத் தள்ளிவைக்கலாம், இன்னொருவரைச் சேர்க்கலாம். முந்தின நாள் இரவு சொன்னால் அவரால் திட்டத்தான் முடியும்.

முடிந்ததும் ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் உண்மையில் ஆன நேரத்தை எழுதிவையுங்கள். என் காகிதத்தில் வருடத் தரவுக்கு 6 என்ற இடத்தில் 5, பிழைகளுக்கு 5 என்ற இடத்தில் 9 என்று இருக்கிறது. ஜிஎஸ்டி கூட்டுத்தொகையில் பைசா உதைத்தது. மற்றவை சொன்னபடி. மொத்தம் 33 மணி, திங்கள் மதியம் ஏற்றினோம். அடுத்த அறிக்கைக்குக் கணக்குப் போட்டபோது பிழைகள் வரியில் நேராக 9 என்று எழுதினேன்.