ராஃப்டிங் உறுதிமொழிப் படிவத்தைத் தமிழாக்குவது எப்படி: தொடக்க நிலையினருக்கு

மூணாறு, குமுளி, பாலக்காடு என்று எல்லையோரம் சாகச முகாம் நடத்துபவர்கள், ஆற்றில் இறங்கும் முன் கையெழுத்து வாங்கும் உறுதிமொழிப் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வருகிறவர்களில் பாதிப்பேர் தேனி, கம்பம், பொள்ளாச்சிப் பக்கத்துத் தமிழர்கள். "இதக் கொஞ்சம் தமிழ்ல மாத்திக் குடுங்க" என்று உங்களிடம் இரண்டு பக்கத் தாள் வந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று பார்ப்போம். ரப்பர் படகில், நுரைத்துப் பாயும் வெள்ளைநீர் ஆற்றில் இறங்குவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குளத்தில் போகும் மூங்கில் பரிசலுக்கு வேறு படிவம், வேறு ஆபத்து.

1. மூன்று பேனாவால் பிரியுங்கள்

மொழிபெயர்க்கும் முன் மூலத்தைப் படித்து, வரிகளை மூன்று நிறத்தில் கோடிடுங்கள். ஆற்றில் என்ன நடக்கலாம் என்பது ஒன்று. பங்கேற்பவர் என்ன செய்ய வேண்டும், எந்த உடல்நிலையைச் சொல்ல வேண்டும் என்பது இரண்டு. கையெழுத்துப் போட்டால் எந்த உரிமை போகிறது என்பது மூன்று.

ஆங்கில மூலத்தில் இவை மூன்றும் ஒரே நீண்ட வாக்கியத்துக்குள் பின்னிக் கிடக்கும். அதை அப்படியே தமிழில் இழுத்தால் வினைமுற்று ஏழாவது வரியில் வரும். அதற்குள் படிக்கிறவர் கையெழுத்துப் போட்டிருப்பார். மூன்றையும் தனித்தனித் தலைப்பில் வைக்கலாமா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். வாக்கியத்தை உடைக்கலாம், பொருளைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

2. ஆபத்தை நிகழ்ச்சியாக எழுதுங்கள்

இதுதான் வேலையின் பெரும்பகுதி. ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். மூலத்தில் 'கால் சிக்குதல்' என்று ஒரு ஆபத்து பட்டியலில் இருக்கும். "கால் சிக்கிக்கொள்ளும் அபாயம் உள்ளது" என்று எழுதினால் மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. ஆனால் படிக்கிறவர் மனதில் வருவது சேற்றில் மாட்டிய செருப்பு.

உண்மையில் நடப்பது வேறு. படகிலிருந்து விழுந்தவர் முழங்கால், இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்ப்பார். வாய்க்காலிலும் ஓடையிலும் குளித்துப் பழகிய யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். பாதம் பாறை இடுக்கில் மாட்டும். பின்னாலிருந்து வரும் ஓட்டம் உடம்பை முன்பக்கம் மடக்கித் தள்ளும். தலை தண்ணீருக்குள் போய்விடும். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் ஓட்டத்தின் அழுத்தத்தை எதிர்த்து எழ முடியாது.

ஆகவே இப்படி எழுதலாம்:

"படகிலிருந்து விழுந்தால், தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தாலும் எழுந்து நிற்காதீர்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் ஓட்டம் உங்களைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அழுத்தும். இதில் உயிர் போகலாம். மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் ஆறு போகும் திசையில் நீட்டி, கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரியும்படி மிதந்து வாருங்கள்."

காரணம், உடம்புக்கு நேர்வது, அதன் முடிவு, செய்ய வேண்டியது என்ற வரிசை இது. 'செய்ய வேண்டியது' மூலத்தில் இல்லாவிட்டால், வழிகாட்டியிடம் கேட்டு எழுதி, உரிமையாளரின் ஒப்புதலோடு தனிக் கட்டத்தில் சேர்க்க வேண்டும். விழுந்து கிடக்கும் மரக்கிளைகளுக்கும் இதே வரிசைதான்: தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் அதில் அழுந்தி நிற்பார். மேலே மலையில் பெய்த மழைக்கு இங்கே வெயிலடிக்கும்போதே ஆற்றில் திடீரென நீர் ஏறும் என்பதையும் அப்படியே எழுதலாம்.

'உயிர் போகலாம்' என்ற இடத்தில் உரிமையாளர் கண்டிப்பாக முகம் சுளிப்பார். "செத்துப்போவீங்கன்னு எழுதினா யாரு வருவா?" என்பார். "சேட்டா, இங்கிலீஷ்ல அதான இருக்கு. தமிழ்ல மட்டும் ஏன் மறைக்கணும்?" என்று கேளுங்கள். 'அசம்பாவிதம்' என்று பூசி மெழுகினால் பிரச்சினை வந்த அன்று அவருக்கே அது உதவாது.

ஆற்றின் கடுமையைக் காட்டும் கிரேடு எண்ணையும் எண்ணாக மட்டும் விடாதீர்கள். பன்னாட்டு அளவுகோல் 1 முதல் 6 வரை போகும். 3 என்றால் ஒழுங்கில்லாத அலைகள் படகுக்குள் அடிக்கும், ஆள் வெளியே விழ வாய்ப்புண்டு என்று ஒரு வரி சேருங்கள்.

இரண்டு சின்ன எச்சரிக்கை. வழிகாட்டி 'ஒழுக்கு' என்று மலையாளத்தில் சொல்வதை அப்படியே எழுதிவிடாதீர்கள், நம் ஆட்களுக்குக் கூரை ஒழுகுவதுதான் ஞாபகம் வரும். 'ஓட்டம்', 'இழுப்பு' போதும். ஆழமான இடத்துக்குக் 'கசம்' என்றே எழுதலாம். ஆனால் 'ஃபார்வர்ட்', 'ஹோல்ட் ஆன்', 'கெட் டவுன்' போன்ற கட்டளைகளைத் தமிழாக்க வேண்டாம். ஆற்றில் வழிகாட்டி கத்தப்போவது அந்தச் சொற்களைத்தான். சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று விளக்குங்கள்.

3. உரிமை போகும் பத்தியைக் கூசாமல் எழுதுங்கள்

இந்தப் பத்தியில் மூன்று வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கும். ஆற்றின் இயல்பால் வரும் காயத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்பது எல்லாருக்கும் புரியும். அடுத்தது கனமானது: "எங்கள் ஆட்களின் கவனக்குறைவால் உங்களுக்கு அடிபட்டாலும் நீங்கள் எங்கள்மேல் வழக்குப் போடவோ நஷ்டஈடு கேட்கவோ மாட்டீர்கள் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்." மூலத்தில் 'கவனக்குறைவு' இருந்தால் தமிழிலும் இருந்தே ஆக வேண்டும். 'எந்தச் சூழலிலும்' என்று பொதுவாகச் சொல்லிக் கடக்கக் கூடாது.

மூன்றாவதைப் புதியவர்கள் அநேகமாகத் தவறவிடுவார்கள். துடுப்பின் மேல்முனையில் T வடிவப் பிடி இருக்கும். அதைக் கையால் மூடிப் பிடிக்காவிட்டால், படகு குலுங்கும்போது பக்கத்திலிருப்பவர் பல்லில் இடிக்கும். அப்படி உங்கள் துடுப்பால் இன்னொருவர் காயப்பட்டு, அவர் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டால், அந்தச் செலவை நீங்கள் ஈடுகட்ட வேண்டும் என்று பல படிவங்களில் இருக்கும். 'இழப்பீட்டுப் பாதுகாப்பு அளிக்கிறேன்' என்று எழுதினால் பணம் தனக்கு வரும் என்றே படிக்கிறவர் நினைப்பார். யார் யாருக்குக் கொடுப்பது என்பதை எழுவாயோடு எழுதுங்கள்.

இந்தப் பத்தி நீதிமன்றத்தில் நிற்குமா என்பது வழக்கறிஞர் பார்க்க வேண்டியது. ஆனால் இரண்டு விதிகள் உங்கள் வேலையைத் தொடுகின்றன. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13-ம் பிரிவு, இரு தரப்பும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஏற்பதுதான் சம்மதம் என்கிறது. அதே சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. பள்ளிப் பையன் கையெழுத்துப் போடும் இடம் தமிழ்ப் படிவத்தில் இருந்தால், பெற்றோர் பகுதி எங்கே என்று கேளுங்கள்.

4. 'புரிஞ்சுதா' என்று கேட்காதீர்கள்

அதற்கு எல்லாரும் தலையாட்டுவார்கள். வரைவை முகாமுக்குச் சம்பந்தமில்லாத நாலைந்து பேரிடம் கொடுங்கள்: ஒரு எஸ்டேட் தொழிலாளி, ஒரு கல்லூரி மாணவி, கடைக்கார அண்ணாச்சி. படித்த பிறகு தாளை வாங்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

"விழுந்துட்டீங்க, தண்ணி இடுப்பளவுதான். என்ன பண்ணுவீங்க?"

"எங்க ஆளு பக்கிளச் சரியா மாட்டல, உங்களுக்கு அடிபட்டுருச்சு. நஷ்டஈடு கேக்க முடியுமா?"

"கரையில வந்து பயமாயிருச்சு, இறங்கல. பணம் திரும்பக் கிடைக்குமா?"

"எந்திரிச்சு நடந்து வந்துருவேன்", "இன்சூரன்ஸ் இருக்கும்ல" என்று பதில் வந்தால் தவறு பத்தியில். அந்தப் பத்தியை மட்டும் திருத்தி, புதிய ஆளிடம் காட்டுங்கள். ஏற்கெனவே பதில் தெரிந்தவரிடம் திரும்பக் கேட்டுப் பயனில்லை.

5. கொடுக்கும் விதம்

ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் மாட்டி, ஜீப் காத்திருக்கும்போது நீட்டினால் எந்த மொழியில் இருந்தாலும் யாரும் படிப்பதில்லை. முன்பதிவின்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கூடவே ஒரு குரல் பதிவும் போகட்டும். இந்தப் பக்கம் தமிழ் பேசினாலும் மலையாளப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும்.

ஆங்கில வடிவமே இறுதியானது என்று மூலத்தில் இருந்தால், அந்த வரி தமிழ்த் தாளின் தலைப்பிலேயே வரட்டும், கடைசியில் பொடி எழுத்தில் அல்ல. கைநாட்டு வைப்பவர்களுக்குக் கீழே தனி இடம் விட்டு, "மேற்கண்டதைத் தமிழில் வாசித்து விளக்கினேன்" என்று வாசித்தவர் பெயரும் கையெழுத்தும் தேதியும் நேரமும் எழுதக் கோடு போடுங்கள். வாசிப்பவர் தமிழ் தெரிந்தவராக இருக்க வேண்டும், படகு ஓட்டுகிற ஆளாகவே இல்லாமல் இருந்தால் நல்லது.